பதினைந்து மில்லிமீட்டர் விரிப்பும் ஒரு கணுக்காலும்

தெப்பக்குளம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கணுக்கால் வீக்கத்தோடு என்னிடம் வந்தார். வயது 58. முழங்கால் வலிக்காக நான் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை வீட்டில் செய்து வந்தவர். விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நிற்கும்போது கால் பிசகிவிட்டது. தரை வழுக்கியதா என்று கேட்டேன். "இல்லை சார், புது யோகா விரிப்பு வாங்கினேன். இருப்பதிலேயே கனமானது, 15 மில்லிமீட்டர். முழங்காலுக்கு நல்லது என்று போட்டிருந்தார்கள்" என்றார்.

இயன்முறை மருத்துவத்தில் இருக்கும் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. தடிமன் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நம்பித்தான் பலரும் வாங்குகிறார்கள். விற்பவர்களும் தடிமனை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். விரிப்பு எவ்வளவு அமுங்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள எடையும் வேண்டும்.

மறுமுறை வரும்போது விரிப்பைக் கொண்டுவரச் சொன்னேன். வரும் வழியில் மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்திருந்தார், 1 கிலோ 200 கிராம். நீளம் 183 செ.மீ., அகலம் 61 செ.மீ. என் அறையில் கிடக்கும் பழைய பிவிசி விரிப்பு 173 செ.மீ. நீளம், அதே அகலம், தடிமன் 6 மில்லிமீட்டர்தான். ஆனால் எடை 1 கிலோ 600 கிராம். கணக்குப் போட்டால் அவருடையதில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.07 கிராம் பொருள்தான் இருக்கிறது, என்னுடையதில் 0.25 கிராம். மீதி இடமெல்லாம் காற்றுக் குமிழிகள். கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது, எடுத்த பிறகும் பள்ளம் மெதுவாகத்தான் நிரம்பியது.

இப்படிப்பட்ட நுரையில் ஒற்றைக்காலில் நின்றால் பாதம் உள்ளே அமிழ்ந்து, அழுத்தம் மாறும்போதெல்லாம் பக்கவாட்டில் சாயும். அதைச் சரிசெய்ய வேண்டிய வேலை முழுவதும் கணுக்காலுக்கு வந்துசேரும். கைகளை ஊன்றும் ஆசனங்களில் உள்ளங்கையின் அடிப்பகுதி புதைந்து மணிக்கட்டு கூடுதலாக மடங்கும். மணிக்கட்டு வலியோடு வருகிறவர்களிடமும் நான் முதலில் விரிப்பைத்தான் விசாரிக்கிறேன். படுத்துச் செய்யும் பயிற்சிக்கு மெத்தென்ற விரிப்பு சுகமானதுதான். நின்று செய்வதற்கு 4 முதல் 6 மில்லிமீட்டரில் அடர்த்தியான விரிப்பு போதும். முழங்கால் ஊன்றும் இடத்தில் மட்டும் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். விரிப்பைப் பிரித்த நாளிலிருந்து அறையில் மண்ணெண்ணெய் போன்ற வாடை, தலைவலி. ஜன்னலை அடைத்து மின்விசிறி போட்ட அறையில், நம் ஊர் வெயிலில், வாடை இன்னும் தூக்கலாகத்தான் இருக்கும். வாடை எப்படிப்பட்டது என்பதையும் கவனியுங்கள். கந்தகம் கலந்த டயர் வாடை என்றால் பெரும்பாலும் இயற்கை ரப்பர்; ரப்பர் கையுறை போட்டால் தோல் தடிக்கிறவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். புது மழைக்கோட்டுப் போன்ற வாடை பிவிசி. எதுவானாலும் காற்றோட்டமான நிழலில் சில நாள் விரித்துப் போடுங்கள். மொட்டைமாடி வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்து உதிரத் தொடங்கும். இரண்டு வாரம் கழித்தும் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்றால் அந்த விரிப்பை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இடத்தையும் அளந்தோம். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே மூன்றடி. இரண்டடி அகல விரிப்பு தாராளமாக விரியும், ஆனால் கையைப் பக்கவாட்டில் நீட்டினால் பீரோவில் இடிக்கும். தடுமாறும்போது பிடிமானத்துக்காக நீளும் கைக்கும் அங்கே இடமில்லை. விரிப்பின் அளவையல்ல, கைகால் நீட்டிய உங்கள் அளவையே பார்க்க வேண்டும். கையை மேலே தூக்கினால் மின்விசிறி எட்டுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அவருடைய மகன் உடற்பயிற்சி பெஞ்ச் ஒன்று வைத்திருந்தார். "120 கிலோ தாங்கும், நான் 84 கிலோதான்" என்றார். இரண்டு கைகளிலும் 20 கிலோ டம்பெல் எடுத்துப் படுத்தால் மொத்தம் 124 கிலோ. வேறுவிதமாகத் தெளிவாக எழுதியிருந்தாலொழிய, தாங்கும் எடை என்பதில் உங்கள் உடலும் நீங்கள் தூக்குவதும் சேர்ந்தே அடங்கும் என்று கொள்ளுங்கள். டம்பெல்லைத் தடாலென்று இறக்கினால் அதிர்ச்சி இன்னும் கூடும். அந்தப் பெஞ்சில் முதுகுப் பலகையின் திருகு ஒவ்வொரு வாரமும் தளர்ந்துகொண்டிருந்ததாம். அப்படித் தளர்ந்தால் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும்.

அந்த அம்மா இப்போது கூடத்தில், ஆறடிக்கு எட்டடி இடத்தில், சுவர் ஒரு கை தூரத்தில் இருக்கும்படி, 5 மில்லிமீட்டர் விரிப்பில் நிற்கிறார். பழைய விரிப்பில் ஓரடித் துண்டை வெட்டி முழங்காலுக்கு வைத்துக்கொண்டார்.