மூன்று மடங்கு சம்பளம், ஒன்றரை மடங்குகூட இல்லாத மிச்சம்

வெளிநாட்டு ஆஃபர் லெட்டரோடு நிதி ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அங்கே தரும் சம்பளத்தை அன்றைய செலாவணி விகிதத்தால் பெருக்கி, இப்போதைய சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள். பெருக்கலில் பிழை இருக்காது. ஆனால் பெருக்கியது தவறான எண்ணை.

சம்பளத்தில் ஒரு பகுதி அந்த நாட்டிலேயே செலவாகிவிடும். சம்பளத்தை அந்த ஊர்ப் பணத்தில் வாங்கி, வாடகையையும் அந்த ஊர்ப் பணத்தில்தான் கொடுக்கிறோம். அதை நம் பணத்துக்கு மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. செலவு போக மிஞ்சுவது மட்டும்தான் எல்லை தாண்டி வரும். எனவே மாற்ற வேண்டியது கணக்கின் கடைசி வரியை மட்டுமே.

திருமணமாகாத ஒரு பொறியாளரின் கணக்கைப் பார்ப்போம். எண்களைக் கணக்கு புரிவதற்காக எளிதாக்கியிருக்கிறேன். உள்நாட்டில் மாதம் 1,00,000 சம்பளம். வரியும் பிடித்தங்களும் போக 85,000 கைக்கு வருகிறது. வாடகை 20,000, மற்ற செலவுகள் 30,000. மிச்சம் 35,000. அவர் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஒன்று உண்டு. நிறுவனம் அவர் பெயரில் ஓய்வுக்கால நிதியில் மாதம் 7,000 போடுகிறது. கையில் வராவிட்டாலும் அதுவும் அவருடைய சேமிப்புதான். ஆக, உண்மையான மிச்சம் 42,000.

வெளிநாட்டில் மாதம் 5,000 தருகிறார்கள். ஒன்றுக்கு 60 என்பது விகிதம். பெருக்கினால் 3,00,000, அதாவது மூன்று மடங்கு. இனி உள்ளே போவோம். அங்கே வரியும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் போக 3,800தான் கைக்கு வரும். விளம்பரத்தில் போட்டிருந்த வாடகை 1,400. மின்சாரம், தண்ணீர், வெப்பமூட்டல், இணையம் எல்லாம் அதோடு சேர்ந்தால் 1,600. உணவு, போக்குவரத்து, மருத்துவக் காப்பீடு, போன் முதலியவற்றுக்கு 1,100. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோக 1,200, மாதத்துக்குப் பிரித்தால் 100. மிச்சம் 1,000. இதைத்தான் 60-ஆல் பெருக்க வேண்டும். 60,000 வருகிறது. சம்பளத்தில் மூன்று மடங்காகத் தெரிந்தது, சேமிப்பில் 42,000-க்கு எதிரே 60,000 ஆகிவிட்டது.

இது மோசமான ஆஃபர் என்று சொல்ல வரவில்லை. மாதம் 18,000 கூடுதல் என்பது பலருக்குப் பெரிய தொகைதான். ஆனால் அவர் மனதில் இருந்தது 2,00,000 கூடுதல்.

சரி, ஒவ்வொரு செலவாகத் தேடுவதற்குப் பதில் இணையத்தில் கிடைக்கும் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டைப் போட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். பார்க்கலாம், அதில் வாடகை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு. பலரும் பயன்படுத்தும் நம்பியோ தளத்தில் நியூயார்க்கை 100 என்று வைத்து ஒரு குறியீடு தருகிறார்கள். அந்தக் குறியீட்டில் வாடகை கிடையாது. வாடகைக்குத் தனிக் குறியீடு உண்டு. மெர்சர் நிறுவனத்தின் நகர வரிசையில் குடியிருப்புச் செலவும் சேர்ந்திருக்கும், ஆனால் அது பன்னாட்டு நிறுவனங்கள் அனுப்பும் ஊழியர்களை மனதில் வைத்துத் தயாரிக்கப்படுவது. வாடகைதான் பெரும்பாலும் மிகப் பெரிய ஒற்றைச் செலவு. அதை விட்டுவிட்ட குறியீட்டை வைத்து சம்பளத்தை வகுத்தால், வாடகை எகிறிக் கிடக்கும் நகரம்கூட மலிவாகத் தோன்றும்.

உலக வங்கி வெளியிடும் வாங்கும் திறன் சமநிலை விகிதத்தையும் சிலர் எடுத்துவருகிறார்கள். ஒரே மாதிரியான பொருட்களையும் சேவைகளையும் வாங்க இரு நாடுகளிலும் எவ்வளவு பணம் தேவை என்பதை அது சொல்லும். அங்கேயே குடியேறி, அங்கேயே சம்பாதித்து, அங்கேயே செலவழிக்கப்போகிறவருக்கு அது நல்ல அளவுகோல். நான்கு வருடம் சேமித்துவிட்டுத் திரும்ப நினைப்பவரின் சேமிப்புக்கு அது பொருந்தாது. அவர் அனுப்பும் பணத்தை வங்கி சந்தை விகிதத்தில்தான் மாற்றித் தரும், அதிலும் கமிஷன் பிடித்துக்கொண்டு. எந்த விகிதத்தை எடுப்பது என்பது திரும்பி வருவீர்களா, தங்குவீர்களா என்பதைப் பொறுத்தது. முடிவே செய்யவில்லை என்றால் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

வாடகையைக் கண்டுபிடிக்கும்போது நகரத்தின் சராசரி வாடகையை நம்பாதீர்கள். பல வருடங்களாக ஒரே வீட்டில் பழைய வாடகைக்கு இருப்பவர்களும் அந்தச் சராசரியில் இருக்கலாம். புதிதாகப் போகிறவருக்கு அந்த வாடகை கிடைக்காது. இன்று காலியாக இருக்கும் வீடுகளின் விளம்பரங்களை, அலுவலகத்துக்குப் போய்வரக்கூடிய தூரத்தில், பத்துப் பதினைந்து பாருங்கள். விலை வரிசையில் நடுவில் இருப்பதை எடுங்கள். அப்புறம் அந்த வாடகைக்குள் எதெல்லாம் அடங்கும், வீட்டில் சாமான்கள் இருக்கின்றனவா என்று படியுங்கள்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம், மிச்சம் என்பது இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசம். நம் பொறியாளருக்கு வாடகை 200 கூடினால் அது சம்பளத்தில் வெறும் 4 சதவீதம். சேமிப்பிலோ 20 சதவீதம் போய்விடும். செலாவணி விகிதம் 60-லிருந்து 54-க்கு இறங்கினால் போவது 10 சதவீதம்தான். எல்லோரும் தினமும் செலாவணி விகிதத்தைப் பார்க்கிறார்கள், வாடகையைத் தோராயமாகப் போடுகிறார்கள்.

இதே சம்பளத்துக்கு மனைவியோடும் குழந்தையோடும் கிளம்புகிறவரின் கணக்கு வேறு. பெரிய வீட்டுக்கு 600 கூடுதல், மற்ற செலவுகளுக்கு 400, விமான டிக்கெட்டுகளுக்கு மாதம் 200. அந்த 1,000 மிச்சம், மாதம் 200 பற்றாக்குறையாக மாறுகிறது. மனைவி இங்கே மாதம் 40,000 சம்பாதித்துக்கொண்டிருந்து, அவருடைய விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை என்றால் அந்த வருமானமும் போகும். விசா நிபந்தனையைக் கடைசியில் விசாரிப்பவர்களே அதிகம். இது வாடகைக்கும் முன்னால் விசாரிக்க வேண்டியது.

சம்பளம் பேசும்போதும் மிச்சத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். மாதம் 300 கூடுதலாக மிஞ்ச வேண்டும் என்றால் 300 கூட்டிக் கேட்டால் போதாது. கூடுதலாகக் கிடைக்கும் பணத்துக்கு உங்களுடைய மேல் அடுக்கு வரிதான் விழும். அந்த அடுக்கில் 40 சதவீதம் பிடித்தம் என்றால், 300 கைக்கு வர 500 கேட்க வேண்டும்.

முதல் வருடத்துக்குத் தனிக் கணக்கு போடுங்கள். இரண்டு மாத வாடகை அட்வான்ஸ் 2,800, சாமான்கள், விசாக் கட்டணம், வீடு கிடைக்கும்வரை தங்கும் செலவு எல்லாம் ஒரு 2,000. மொத்தம் 4,800, கிட்டத்தட்ட ஐந்து மாதச் சேமிப்பு. அட்வான்ஸ் பின்னால் திரும்பலாம், மற்றது திரும்பாது. இடம்பெயர்வுச் செலவை நிறுவனம் ஏற்கிறதா, அந்தத் தொகைக்கு வரி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையையும் தேடுங்கள்: குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கலாம். அதில் வரி போக நீங்கள் வாங்கியதைத் திருப்ப வேண்டுமா, வரிக்கு முந்தைய முழுத் தொகையையுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.