வெட்டிய பக்கம் ஒரு மண், கொட்டிய பக்கம் வேறு மண்

மலையகத்தில் வீடு கட்டக் கிடைக்கும் 7 பேர்ச் காணி பெரும்பாலும் சரிவில்தான் இருக்கும். மேல் பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப் பக்கம் கொட்டிச் சமப்படுத்துகிறோம். மேலே பார்த்தால் ஒரே தரை. ஆனால் வீட்டின் பாதி பழைய மண்ணிலும் மறுபாதி போன மாதம் கொட்டிய மண்ணிலும் நிற்கப்போகிறது. சுவர் வெடித்த வீடுகளைப் பார்க்கப் போனால், வெடிப்பு பெரும்பாலும் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓடுகிறது.

பாரம் பெரிய பிரச்சினையே இல்லை. பிளாக் கல் சுவர், தகரக் கூரை, கருங்கல் அத்திவாரம் கொண்ட ஒரு மாடி வீட்டில் ஒரு மீற்றர் நீளச் சுவரின் அடியில் ஏறத்தாழ 2 தொன் வரும். அத்திவாரம் 2 அடி அகலம் என்றால், சதுர மீற்றருக்கு மூன்றரைத் தொன்னுக்கும் குறைவு. ஓரளவு இறுகிய களிமண் இதைப் போல இரண்டு மடங்கைத் தாங்கும். அந்த இறுக்கம் சுவரின் முழு நீளத்துக்கும் இருக்கிறதா, மழையிலும் இருக்குமா என்பதுதான் கேள்வி.

ஹட்டன் பக்கம் ஒரு காணியைப் பார்க்கப் போனது நல்ல வெயில் காலத்தில். 20 அடிக்கு 24 அடி வீடு. “அலவாங்கே இறங்குதில்ல சேர், கல்லு மாதிரி இருக்கு” என்றார் வீட்டுக்காரர். காய்ந்த களிமண் எல்லாமே அப்படித்தான் காட்டும். நனைந்தால் அந்த வலு போய்விடும். அதனால் வீட்டின் நான்கு மூலையிலும் 3 அடிக் குழி வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விட்டோம். காலையில் சேற்றை வழித்து எடுத்துவிட்டு, அடி மண்ணில் பெருவிரலை அழுத்திப் பார்த்தேன். விரல் இலேசாக உள்ளே போனால் அது மென்மண்; அதில் அத்திவாரம் வேண்டாம். பலமாக அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் ஒரு மாடிக்குச் சரி. அடையாளம் மட்டும் விழுந்தால் நல்ல மண். வெட்டிய பக்கத்துக் குழிகள் இரண்டிலும் அடையாளம்தான் விழுந்தது. கொட்டிய பக்கத்தில் விரல் பாதிவரை சுலபமாகப் போனது.

குழியின் சுவரும் கதை சொல்லும். பழைய மண்ணில், உக்கிப்போன பாறையின் கோடுகள் அறுபடாமல் ஓடும். கொட்டிய மண்ணில் நிறங்கள் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். இங்கே தேயிலை வேரும் உரப்பைத் துண்டும்கூட வந்தன.

அப்புறம் கம்பி. அத்திவாரத்தின் பாரம் அதன் அகலத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம்வரை மண்ணில் உறைக்கும். 2 அடி அத்திவாரம் என்றால் குழிக்குக் கீழே இன்னும் 3, 4 அடி தெரிந்தாக வேண்டும். கொட்டிய மண்ணில் அவ்வளவு ஆழக் குழிக்குள் ஆளை இறக்கக்கூடாது, சரிந்து மூடிவிடும். 12 மில்லிமீற்றர் கம்பியைக் குழியின் அடியில் நிறுத்தி, ஒரே ஆள் ஒரே சுத்தியலால் அடிக்க, அரை அடி இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்று எண்ணினோம். வெட்டிய பக்கத்தில் 20க்கு மேல். மறு பக்கத்தில் முதலில் 4, 5. தரையிலிருந்து நாலரை அடி ஆழத்தில் 2 தடவை அடித்ததுமே வழுக்கிக்கொண்டு இறங்கியது. அது பழைய மேல்மண். புல்லோடும் வேரோடும் புதைந்து கிடந்தது. ஐந்தரை அடிக்குப் பிறகுதான் எண்ணிக்கை 15ஐத் தாண்டியது. இந்த எண்கள் எதுவும் தொன் கணக்கு அல்ல. ஒரே காணியில் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட மட்டுமே உதவும்.

ஒரு மூலையில் கம்பி 4 அடி ஆழத்தில் டங்கென்று நின்றது. பாறை என்றார் மேசன் பாஸ். ஓர் அடி தள்ளி அடித்தால் கம்பி தடையில்லாமல் போனது. மண்ணோடு கொட்டுப்பட்ட உருட்டுக்கல்தான். கல்லில் முட்டினால் குறைந்தது மூன்று இடத்திலாவது தள்ளி அடித்துப் பாருங்கள்.

அத்திவாரத்தை 3 அடி அகலமாக்கினால் போதாதா என்று பாஸ் கேட்டார். போதாது. தளர்வாகக் கொட்டிய மண் வீடே இல்லாவிட்டாலும் மழையில் தன் பாரத்தாலேயே அமரும். அடியில் உக்கும் வேர்களும் அதோடு சேரும். கீழ்ப் பக்க வெளிச்சுவரின் அத்திவாரத்தை 6 அடிக்கு இறக்கினால் கருங்கல்லுக்கே காசு முடிந்துவிடும். கடைசியில் வரைபடத்தை மாற்றினோம்: சரிவுக்குக் குறுக்கே 32 அடி நீளம், 15 அடி அகலம். அதே 480 சதுர அடிதான், ஆனால் வெளிச்சுவர் 5 அடி உள்ளே வந்துவிட்டது. அங்கே கொட்டிய மண் இரண்டேகால் அடிதான். மூன்றரை அடியில் நல்ல மண் கிடைத்தது. வெட்டிய பக்கத்திலிருந்து அந்த ஆழத்துக்குப் படிப்படியாக அத்திவாரத்தை இறக்கினோம்.

விரலும் கம்பியும் சொல்வது அத்திவாரத்துக்கு அடியில் உள்ள மண்ணைப் பற்றி மட்டும். மலையே நகருமா என்பதை அவற்றால் சொல்ல முடியாது. மேலே நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் ஊற்று ஏதாவது கண்ணில் பட்டால் குழியும் வெட்ட வேண்டாம். முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இடத்தைக் காட்டுங்கள். பின்னொரு நாள் சிலாப் போட்டு மேல்மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால், சுவரடிப் பாரம் இரண்டு மடங்கைத் தாண்டும். அதற்கு இந்தச் சோதனை போதாது; பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு முறையான மண் பரிசோதனை செய்விக்க வேண்டும்.