வணக்கத்துக்குப் பெயர் சொல்லலாம், கேள்விக்கு வேண்டாம்

மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் யூடியூப், ஃபேஸ்புக் லைவ் நடத்திக் கொடுப்பது என் வேலை. விளக்கு, மைக் எல்லாம் இரண்டு தடவையில் பழகிவிடும். பலர் தடுமாறுவது முதல் ஐந்து நிமிடத்தில்தான். ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருப்பார்கள். திரையில் '3 பேர் பார்க்கிறார்கள்' என்று காட்டும். அதில் ஒருவர் நான், இன்னொருவர் பேசுபவரின் வீட்டுக்காரர்!

அந்த நேரத்தில் "இன்னும் யாரும் வரலையே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வந்திருக்கும் அந்த ஒருவருக்கு அது எப்படிக் கேட்கும்? பதிவை நாளைக்குப் பார்ப்பவருக்கும் முதலில் காதில் விழுவது அதுதான். தலைப்பை இரண்டு வரியில் சொல்லித் தொடங்கிவிட்டு, அப்புறம் வணக்கத்துக்கு வாருங்கள்.

அடுத்தது "குரல் கேட்குதா?" என்ற கேள்வி. யூடியூபில் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பைப் போட்டாலும், நீங்கள் பேசியது பார்ப்பவரைச் சேரப் பத்து விநாடி வரை ஆகலாம். அவர் தட்டச்சு செய்து அனுப்ப இன்னும் சில விநாடி. ஆக, பதில் வர 15, 20 விநாடி பிடிக்கும். ஒரு மருத்துவரின் லைவில் மைக் அணைந்திருந்தது. "கேக்கல டாக்டர்" என்று வந்ததும் சரிசெய்துவிட்டார். ஆனால் அதற்கு முன்பே கிளம்பிய "கேக்கல"க்கள் அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தன. பதறிப்போய், வேலை செய்துகொண்டிருந்த மைக்கையே பிடுங்கி மாட்டினார். இந்த முறை நிஜமாகவே கேட்கவில்லை. "குரல் கேட்குதா?" என்று கேட்டுவிட்டு இருபது விநாடி வேறெதையாவது பேசுங்கள், பிறகு கமெண்டைப் பாருங்கள்.

சரி, பெயர்கள். வாய்க்கு முன்னால் கண் படிக்க வேண்டும். விளையாட்டாக வைத்த பெயரைச் சத்தமாகப் படித்தபின்தான் பலருக்கு அதன் அர்த்தம் உறைக்கிறது. Bala என்று வந்தால் ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்? "வாங்க பாலா, வணக்கம்" போதும், சாரும் மேடமும் வேண்டாம். @user- என்று தொடங்கி எழுத்தும் எண்ணுமாக நீளும் பெயரை யூடியூபே கொடுத்திருக்கும். அதைப் படிக்க முயலாமல், அவர் எழுதியதைச் சொல்லி வரவேற்கலாம். லைவ் நடத்த உதவும் ஸ்ட்ரீம்யார்டு தளம் வழியாக 2024 வரை ஃபேஸ்புக் குழுவில் லைவ் போக முடிந்தது. அப்போது அனுமதி கொடுக்காதவர்கள் எல்லோரும் Facebook User என்றுதான் தெரிவார்கள். "ஃபேஸ்புக் யூசர், வணக்கம்" என்று ஆறு தடவை சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பெயர், பிறகு இரண்டு வரி விஷயம், மறுபடி மூன்று பெயர் என்று போனால் புதிதாக வருபவருக்கு அலுக்காது. ஒரே மூச்சில் முப்பது பெயர் என்றால் அது வருகைப் பதிவேடு.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அந்த மருத்துவர் தோல் நோய்களைப் பற்றிப் பேசிய இன்னொரு லைவ். ஆரம்பத்திலேயே ஒரு பெண் வணக்கம் சொல்லியிருந்தார். மருத்துவரும் அவரது முழுப்பெயரைச் சொல்லி வரவேற்றார், அதில் தவறில்லை. நாற்பதாவது நிமிடத்தில் அவரே தனக்கிருந்த பிரச்சினையையும் சாப்பிடும் மாத்திரையையும் எழுதிக் கேட்டார். பழகிய வேகத்தில் மருத்துவர் பெயரோடு சேர்த்து அதை முழுவதும் படித்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண் தன் கமெண்டை அழித்துவிட்டார். ஆனால் குரல் பதிவில் இருக்கிறதே! லைவ் முடிந்தபின் யூடியூப் ஸ்டுடியோவில் அந்தத் துண்டை வெட்டினேன். வெட்டிய வீடியோ வெளியே தெரியச் சில மணி நேரம் ஆகும் என்பதால், அதுவரை வீடியோவை யாருக்கும் தெரியாதபடி மாற்றி வைத்தோம். நேரலையில் கேட்டவர்கள் கேட்டதுதான்.

எழுதியவரே பொதுவில் போட்டதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். ஓடுகிற கமெண்டில் ஒரு வரி நகர்ந்துவிடும். கேட்டவரை அறிந்த இருவர் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் அத்தனை பேரும் கேட்பார்கள். பிள்ளைகள் அம்மாவின் கணக்கிலிருந்து "வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்" என்று எழுதுவதும் உண்டு. அதை எந்தப் பெயரோடும் படிக்கக் கூடாது.

இப்போது நானும் அந்த மருத்துவரும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். பொதுக் கமெண்டை அவர் பார்ப்பதே இல்லை. நான் தனி சாட்டில் அனுப்புவதை மட்டும் படிக்கிறார். வணக்கம் என்றால் பெயரை மட்டும் அனுப்புவேன். கேள்வி என்றால் பெயரை எடுத்துவிட்டு, "ஒருவர் கேட்கிறார்" என்று தொடங்கி அனுப்புவேன். முதல் வாரம் "யார் கேட்டது?" என்று நேரலையிலேயே கேட்டார். நான் பதில் அனுப்பவில்லை.