எடைக்கருவி காட்டாத மாற்றம்: பன்னிரண்டு வாரக் கணக்கு

உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியவரின் எடை முதல் மாதத்தில் அசையாமல் இருப்பதற்கும், சில வேளை சற்று ஏறிவிடுவதற்கும் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். தசைகள் தமக்குரிய எரிபொருளைக் கிளைகோஜன் என்ற மாவுப்பொருளாகச் சேமித்துவைக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனுடன் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்குகிறது. பயிற்சிக்குப் பழகும் தசை இந்தச் சேமிப்பைக் கூட்டிக்கொள்வதால், கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே எடை நிலையாகத் தெரியலாம். முந்தைய இரவு உண்ட உப்பும் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் நீர்த்தேக்கமும் வேறு இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

மும்பை மாதுங்காவில் வசிக்கும், வங்கியில் வேலைபார்க்கும் முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மே மாதத் தொடக்கத்தில் அவருடைய எடை 68.2 கிலோ, நான்காம் வாரத்தில் 68.9, பன்னிரண்டாம் வாரத்தில் 67.6. எடையை மட்டும் பார்த்தால், மூன்று மாத உழைப்புக்கு அறுநூறு கிராம்தான் கூலி என்று தோன்றும்.

இடுப்புச் சுற்றளவோ வேறு கதை சொல்கிறது. கடைசி விலா எலும்பின் அடிவிளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டறிந்து, இரண்டுக்கும் நடுவே டேப்பைக் கிடைமட்டமாகச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். தொப்புளை அடையாளமாகக் கொள்வது எளிது என்றாலும், வயிறு சுருங்கும்போது அதுவும் இடம் மாறக்கூடும். முதல் நாளில் டேப்பை ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டு மூன்று முறை அளந்ததில் அவருக்கு 90.6, 91.4, 91.0 செ.மீ. கிடைத்தன. இந்த 0.8 செ.மீ. வேறுபாடு உடலில் நேர்ந்ததன்று, அளக்கும் கையில் நேர்ந்தது. ஆகவே ஒரு செ.மீ.க்குக் குறைவான எந்த மாற்றத்தையும் அவர் கணக்கில் கொள்ளக்கூடாது. இந்த முதல் நாள் சோதனையைத்தான் பலரும் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு அரை செ.மீ.க்காக மகிழவும் வருந்தவும் செய்கிறார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் அவருடைய இடுப்பு 86.5 செ.மீ.; நாலரை செ.மீ. குறைவு என்பது கைப்பிழைக்கு மிக அப்பாற்பட்டது.

தொடையின் சுற்றளவு மட்டும் 57 செ.மீ.யிலேயே நின்றுவிட்டது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு குறைந்து, உள்ளே தசை பெருத்திருந்தால் டேப் அதே எண்ணைத்தான் காட்டும். எதுவுமே மாறாதிருந்தாலும் அதே எண்தான். இந்த இரண்டையும் பிரித்தறிய வலிமைச் சோதனை உதவுகிறது. தொடக்கத்தில் அவர் 20 கிலோ பார்பெல்லுடன் எட்டு ஸ்குவாட் செய்தார், நான்காம் வாரத்தில் 27.5 கிலோவுடன் எட்டு, பன்னிரண்டாம் வாரத்தில் 35 கிலோவுடன் எட்டு. எண்ணிக்கையை 30 ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கினால், ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையின் மதிப்பீடு கிடைக்கும். எப்லி சூத்திரம் எனப்படும் இந்தக் கணக்கின்படி அது 25.3, 34.8, 44.3 கிலோ என்று உயர்ந்திருக்கிறது. பத்து முறைக்கு மேல் போனால் இந்த மதிப்பீட்டை அவ்வளவாக நம்ப முடியாது.

முதல் நான்கு வாரத்து உயர்வைத் தசை வளர்ச்சி என்று எண்ணிவிடக்கூடாது. தொடக்கத்தில் ஏறும் வலிமையின் பெரும்பகுதி நரம்பு மண்டலத்தின் பழக்கம்: இருக்கும் தசையிழைகளையே மூளை கூடுதலாகவும் ஒழுங்காகவும் இயக்கக் கற்றுக்கொள்கிறது. தசையின் பருமன் பின்னால்தான் சேர்கிறது. எனவே நான்காம் வாரத்துக்குப் பிறகும் ஏற்றம் தொடர்ந்திருப்பதே, தொடையில் தசை கூடியிருக்கலாம் என்பதற்கு வலுவான குறி. ஆனால் எடை கூடக்கூட ஸ்குவாட்டின் ஆழம் நமக்குத் தெரியாமலே குறைந்துவிடும்; அப்போது எண் ஏறும், வலிமை ஏறாது. பின்னால் ஒரு தாழ்வான பெஞ்சை வைத்து, ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டு எழுந்தால் இந்த ஏமாற்று நடக்காது.

புகைப்படத்தில் ஏமாற்றுவது வெளிச்சம். மே மாதத்தில் ஜன்னல் வழியே வரும் கூரிய வெயில் உடலின் மேடுபள்ளங்களுக்கு நிழல் தருகிறது. ஜூலை இறுதியில் மும்பையின் மழைமேகம் அந்த நிழல்களை அழித்துவிடுகிறது. அதே உடலும் மழைக்காலப் படத்தில் தட்டையாகத் தெரியும். ஜன்னல் திரையை மூடி, அறையின் அதே டியூப்லைட்டின் கீழ், தொப்புள் உயரத்தில் நிறுத்திய கைப்பேசியிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி நின்று எடுப்பதே சரி. மிக அருகிலிருந்து எடுத்தால் முன்னால் இருக்கும் பகுதி பெருத்துத் தோன்றும். படம் எண் தராது. ஆயினும் முதுகுப்புறத்தில் நேரும் மாற்றத்தைக் கண்ணாடியில் பார்ப்பது கடினம், படத்தில் எளிது.

அளவீடுகளை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், பயிற்சிக்கும் உணவுக்கும் முன்பு எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மாதவிடாய்ச் சுழற்சி இருபத்தெட்டு நாளை ஒட்டி வருபவருக்கு, நான்கு, எட்டு, பன்னிரண்டு ஆகிய வாரங்கள் சுழற்சியின் ஒரே கட்டத்தில் விழும்; ஆறாம் வாரத்தில் அளந்தால் நீர்த்தேக்கமும் இடுப்பளவில் சேர்ந்துவிடலாம். சுழற்சியின் நீளம் மாறுபவர்கள் வாரத்தை விட்டுவிட்டு, மாதவிடாய் தொடங்கியதிலிருந்து ஆறாம் அல்லது ஏழாம் நாள் என்று நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணின் 86.5 செ.மீ., தெற்காசியப் பெண்களுக்கு உடல்நல அபாய எல்லையாக வகுக்கப்பட்ட 80 செ.மீ.க்கு இன்னும் மேலேதான் இருக்கிறது. ஆகவே அடுத்த பன்னிரண்டு வாரங்களில் அவர் முதலில் கவனிக்க வேண்டியது அந்த டேப்பைத்தான்.