மே மாதக் கையிருப்பை நம்பி லென்ஸ் வாங்கலாமா?

கல்யாண போட்டோகிராபர்கள், சமையல் காண்ட்ராக்டர்கள், மேடை அலங்காரம் செய்பவர்கள் என்று முகூர்த்தத்தை நம்பித் தொழில் செய்பவர்களின் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. வருடக் கணக்கை முடித்து "இந்த வருஷம் லாபம்தான்" என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. "லாபம்னா அந்தப் பணம் எங்க சார்? அக்டோபர்ல மோதிரத்த அடகு வெச்சுதானே தீபாவளியே கொண்டாடினேன்?" என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரி, கணக்கு சொல்வதும் சரி. வருடத்துக்கு எவ்வளவு மிஞ்சியது என்பது ஒரு கேள்வி. எந்த மாதம் கையில் எவ்வளவு இருந்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு லாப நஷ்டக் கணக்கில் பதில் கிடைக்காது. அதற்குப் பன்னிரண்டு மாதப் பணவரவு முன்கணிப்பு ஒன்றைத் தனியாகப் போட வேண்டும்.

ஒரு சின்ன ஸ்டூடியோவை எடுத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக முழு ஆயிரங்களில் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு 24 கல்யாணம், ஒன்றுக்கு 70,000 ரூபாய். கடையில் பாஸ்போர்ட் போட்டோ, பிரேம் என்று வரும் சில்லறை வருமானம் கடை வாடகைக்கும் கரண்டு பில்லுக்கும் சரியாகப் போய்விடுகிறது என்று வைத்து, இரண்டையும் விட்டுவிடலாம்.

பெரும்பாலானவர்கள் செய்வது, 24-ஐ 70,000-ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுப்பது. மாதம் 1.4 லட்சம் என்று வரும், மனசுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் எந்த மாதமும் அப்படி வராது. கொஞ்சம் விவரமானவர்கள், கல்யாணம் நடக்கும் மாதத்தில் முழு 70,000-ஐயும் எழுதுவார்கள். அதுவும் தப்பு. பணம் மூன்று தவணையாக வருகிறது: புக் செய்யும்போது 10,000, கல்யாணத்தன்று 40,000, ஆல்பம் கொடுக்கும்போது 20,000. புக்கிங் சராசரியாக இரண்டு மாதம் முன்னால், ஆல்பம் மூன்று மாதம் பின்னால். ஆக ஒரே கல்யாணத்தின் பணம் ஆறு மாத இடைவெளிக்குள் மூன்று கட்டத்தில் விழுகிறது.

செலவும் அப்படித்தான். இரண்டாவது கேமராமேன், வீடியோ ஆள், வண்டி எல்லாம் சேர்த்து 15,000 கல்யாண மாதத்திலேயே போய்விடும். ஆல்பம் டிசைன், பிரிண்டிங் 10,000 ஆல்பம் போகும் மாதத்தில் போகும். இதைக் கழித்தால் ஒரு கல்யாணத்தில் கைக்கு நிற்பது 45,000: புக்கிங் மாதத்தில் 10,000, கல்யாண மாதத்தில் 25,000, ஆல்பம் மாதத்தில் 10,000. ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 கல்யாணம் இருக்கிறது. கல்யாண மாதத்திலேயே எல்லாம் வந்துவிடும் என்று எழுதினால் ஜூன் முடிவில் 4.5 லட்சம் வந்திருக்க வேண்டும். உண்மையில் வருவது 3.6 லட்சம். வித்தியாசம் 90,000. பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் கட்டும் மாதத்தில்தான் இந்தத் துண்டு விழுகிறது.

எந்த மாதம் எத்தனை கல்யாணம் என்பதை எப்படி எழுதுவது? பில்கள் எல்லாம் இங்கிலீஷ் மாதத்தில் வருகின்றன, கல்யாணங்கள் தமிழ் மாதத்தில் நடக்கின்றன. ஆடி என்றால் ஜூலை முழுக்கக் காலி என்று எழுதிவிடக் கூடாது. ஜூலை பாதி ஆனி, ஆகஸ்ட் பாதி ஆவணி. புரட்டாசி, செப்டம்பரின் பின்பாதியையும் அக்டோபரின் முன்பாதியையும் பிடித்துக்கொள்கிறது. மார்கழியும் அப்படியே டிசம்பர், ஜனவரிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பஞ்சாங்கத்தை வைத்து முகூர்த்த நாட்களை எண்ணுங்கள். பக்கத்திலேயே போன வருடத்து பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் வாங்கிய கல்யாணங்களை ஒரு நிறத்திலும், வரும் என்று நினைப்பதை வேறு நிறத்திலும் எழுதினால், எந்த மாதத்தை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்தவுடன் தெரியும். நினைப்பதில் கொஞ்சம் குறைத்தே எழுதுங்கள்.

அப்புறம் செலவு. வீட்டுச் செலவு, கேமரா கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 60,000. இது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மறந்துபோவது வருடத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ வரும் பெரிய பில்கள்தான், அதனால் அவற்றை முதலில் எழுதச் சொல்வேன். நம் உதாரணத்தில் ஜூனில் ஸ்கூல் பீஸ் ஒரு லட்சம், ஜூலையில் வண்டி இன்ஷூரன்ஸ் 30,000, ஆகஸ்டில் ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 60,000, அக்டோபரில் இரண்டாவது டேர்ம் பீஸும் தீபாவளியும் சேர்த்து 80,000, ஜனவரியில் பொங்கலும் கேமரா சர்வீஸும் 30,000. வருமான வரி கட்ட வேண்டியவர்கள் முன்கூட்டிய வரித் தவணைகளையும் சேர்க்க வேண்டும்: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிகள். உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு மார்ச் 15 ஒரே தேதி போதும்.

ஏப்ரல் முதல் தேதி கையில் 40,000 இருக்கிறது என்று தொடங்கினால் வருடம் இப்படி ஓடும். நிகர வரவு என்பது கல்யாணச் செலவும் ஆல்பம் செலவும் போக மிஞ்சுவது. போன வருடமும் அடுத்த வருடமும் மாதவாரியாக இதே எண்ணிக்கையில் கல்யாணம் என்று வைத்து, அவற்றின் ஆல்பப் பணத்தையும் புக்கிங் பணத்தையும் சேர்த்திருக்கிறேன்.

| மாதம் | கல்யாணம் | நிகர வரவு | செலவு | மாத முடிவில் கையிருப்பு |
|---|---|---|---|---|
| ஏப்ரல் | 2 | 1,00,000 | 60,000 | 80,000 |
| மே | 4 | 1,40,000 | 60,000 | 1,60,000 |
| ஜூன் | 4 | 1,20,000 | 1,60,000 | 1,20,000 |
| ஜூலை | 1 | 75,000 | 90,000 | 1,05,000 |
| ஆகஸ்ட் | 1 | 65,000 | 1,20,000 | 50,000 |
| செப்டம்பர் | 3 | 1,45,000 | 60,000 | 1,35,000 |
| அக்டோபர் | 0 | 20,000 | 1,40,000 | 15,000 |
| நவம்பர் | 3 | 95,000 | 60,000 | 50,000 |
| டிசம்பர் | 1 | 85,000 | 60,000 | 75,000 |
| ஜனவரி | 1 | 35,000 | 90,000 | 20,000 |
| பிப்ரவரி | 3 | 1,25,000 | 60,000 | 85,000 |
| மார்ச் | 1 | 75,000 | 60,000 | 1,00,000 |

மே மாத வரிசையைப் பாருங்கள். கையில் 1.6 லட்சம். சீசன் நன்றாகப் போகிறது, புது லென்ஸ் 80,000, வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இங்கேதான். இப்போது கண்ணை அக்டோபருக்கு இறக்குங்கள். அங்கே மிச்சம் 15,000. மே மாதத்தில் இவர் தாராளமாகச் செலவழிக்கக்கூடிய பணம் அந்த 15,000 மட்டும்தான். மீதி எல்லாம் ஏதோ ஒரு பில்லுக்காக ஏற்கெனவே பேசி வைத்தாயிற்று. லென்ஸை வாங்கினால் ஆகஸ்டிலேயே 30,000 மைனஸ், அக்டோபரில் 65,000 மைனஸ். இந்த முழு அட்டவணையில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால், இனி வரும் மாதங்களில் மிகக் குறைந்த கையிருப்பு எது என்று பாருங்கள். எக்செல்லில் இதற்கு மூன்றே வரி போதும். மாதங்களை B முதல் M வரை பக்கவாட்டில் எழுதி, 2-வது வரிசை ஆரம்பக் கையிருப்பு, 3 முதல் 5 வரை மூன்று வகை வரவுகள், 6 முதல் 15 வரை எல்லாச் செலவுகளும், 16 மாத முடிவு என்று வைத்துக்கொண்டால்:

```
B16:  =B2+SUM(B3:B5)-SUM(B6:B15)
C2:   =B16
B18:  =MIN(B16:M16)
```

முதல் இரண்டையும் வலது பக்கம் இழுத்துவிடுங்கள். மூன்றாவதில் முடிந்துபோன மாதங்களை விட்டுவிட்டு, நடக்கும் மாதத்திலிருந்து எண்ண வேண்டும்.

சரி, லென்ஸ் வாங்கவில்லை. அக்டோபரைக் கடந்துவிடலாமா? 15,000 மிச்சம் என்பது எல்லா ஆல்பமும் சொன்ன மாதத்தில் போனால்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு நடக்கும் என்று தெரியும். ஆல்பத்துக்கான படங்களை மாப்பிள்ளையும் பெண்ணும் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். கல்யாணம் முடிந்த ஜோரில் மூவாயிரம் படத்தில் நூற்றைம்பதைப் பொறுக்க யாருக்கும் நேரம் இருக்காது. "அண்ணா, இந்த வாரம் கண்டிப்பா செலக்ட் பண்ணிடறோம்" என்று மூன்று மாதம் ஓடும். ஆல்பம் போகாத வரை பாக்கி 20,000-மும் வராது.

மே, ஜூனில் நடந்த எட்டுக் கல்யாணங்களின் ஆல்பப் பணம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வர வேண்டும். அதில் பாதி நவம்பருக்குத் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். பிரிண்டிங் செலவும் சேர்ந்து தள்ளிப்போகும் என்பதால் குறைவது 40,000. அக்டோபர் 15,000-லிருந்து மைனஸ் 25,000-க்கு இறங்கிவிடுகிறது. ஒரு கல்யாணம்கூட ரத்தாகவில்லை, ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை, மார்ச் முடிவில் அதே ஒரு லட்சம். ஆனாலும் மோதிரம் அடகுக்குப் போகிறது. அதனால் முன்கணிப்பை எப்போதும் இரண்டு பிரதியாகப் போடுங்கள்: சொன்னபடி வந்தால் ஒன்று, பெரிய பாக்கி தள்ளிப்போனால் ஒன்று. முடிவுகளை இரண்டாவதைப் பார்த்து எடுங்கள்.

இதற்குப் பலரும் முதலில் யோசிப்பது ரேட்டை ஏற்றுவது. இங்கே பிரச்சினை ரேட்டில் இல்லை. 10,000, 40,000, 20,000 என்ற தவணையை 10,000, 50,000, 10,000 என்று மாற்றினால் போதும். மொத்தம் அதே 70,000. ஆல்பத்துக்கு வரும் 10,000 பிரிண்டிங்குக்குச் சரியாகப் போய்விடும், படம் தேர்ந்தெடுக்காத வரை பிரிண்டிங் செலவும் கிடையாது, ஆகவே ஆல்பம் எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் கையிருப்பு அசையாது. ஏப்ரலிலிருந்து நடக்கும் எல்லாக் கல்யாணமும் இப்படி என்றால் அக்டோபர் கையிருப்பு 55,000. மைனஸ் 25,000 எங்கே, இது எங்கே! ஏற்கெனவே பேசி முடித்த புக்கிங்குகளில் இதை நுழைக்க முடியாது என்பதால் முதல் வருடம் முழுப் பலன் தெரியாது. கல்யாணத்தன்று மண்டபத்தில் கூடுதலாக 10,000 கேட்கத் தயங்குபவர்கள், புக்கிங் ரசீதிலேயே தவணைகளைத் தேதியோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரிசப்ஷன் முடிந்து பெண்ணின் அப்பாவைத் தேடி அலைவதைவிட அது மரியாதை.

வெளியே போகும் பணத்திலும் சில தேதிகள் நகரும். ஆயுள் காப்பீட்டு பிரீமியத்தை வருடத்துக்கு ஒரு முறை என்பதிலிருந்து அரையாண்டாக மாற்றப் பெரும்பாலும் இடம் உண்டு, கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆகஸ்ட் பிரீமியத்தில் பாதி பிப்ரவரிக்குப் போனால் அக்டோபருக்கு 30,000 மூச்சு கிடைக்கும். ஸ்கூல் பீஸில் இதெல்லாம் எடுபடாது.

இத்தனையும் செய்தும் ஒரு மாதம் மைனஸ் காட்டினால் நகைக் கடன் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன் ஏப்ரல் ஆரம்பத்தையும் மார்ச் முடிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே 40,000 ஒரு லட்சமாகியிருக்கிறது, அதனால் அக்டோபர் பள்ளம் வெறும் தேதிக் கோளாறு; வாங்கிய கடனை நவம்பர், டிசம்பர் வரவே அடைத்துவிடும். மார்ச் முடிவு ஏப்ரலைவிடக் கீழே இருந்தால் அந்தக் கடனை அடைக்க எந்த மாதத்திலும் பணம் வராது. அப்போது தவணையை மாற்றுவதும் பிரீமியத்தை நகர்த்துவதும் உதவாது. ரேட், கல்யாண எண்ணிக்கை, மாதம் 60,000 ஆகும் செலவு, இந்த மூன்றில் ஒன்றில்தான் கை வைக்க வேண்டும்.

மாதம் முடிந்ததும் உண்மையில் வந்ததையும் போனதையும் முன்கணிப்பின் மேலேயே எழுதி, கடைசியில் ஒரு புது மாதத்தைச் சேர்த்துக்கொண்டே போங்கள். அப்படிச் செய்தால் மே மாதத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது அடுத்த ஏப்ரல் வரை தெரியும். மாத முடிவுக் கையிருப்பு பேங்க் பாக்கியோடும் பெட்டியில் இருக்கும் ரொக்கத்தோடும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் ஜிபேயில் போன சில்லறைச் செலவுகளோ, அசிஸ்டென்ட்டுக்கு முன்பணமாகக் கொடுத்து எழுதாமல் விட்டதோதான் காரணமாக இருக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.