இ.சி.ஜி. எடுத்தாச்சு, எக்கோ எதுக்கு?

கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் ஓர் அம்மா போன வாரம் வந்தார். எங்கள் கிளினிக்கில் மொத்தமே பன்னிரண்டு படிகள். ஏறி வந்து உட்கார்ந்தவருக்குப் பெயரைச் சொல்லவே மூச்சு போதவில்லை. சாக்ஸைக் கழற்றினால் அதன் விளிம்பு காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. இரவில் மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கமாம். “மேடு ஏறுனா மூச்சு வாங்கத்தானே செய்யும், கீமோ வேற” என்று இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார்கள். முப்பது வருடமாக இலைக்கூடையோடு அதே மேட்டில் ஏறியவர்!

மார்பகப் புற்றுநோய். முதலில் சிவப்பு மருந்தான டாக்சோரூபிசின் நான்கு முறை. அப்புறம் 21 நாளுக்கு ஒரு முறை டிராஸ்டுசுமாப் ஊசி, ஒரு வருடத்துக்கு. முன்னது இதயத் தசைச் செல்களைச் சாகடிக்கலாம். செத்தவை பெரும்பாலும் திரும்பி முளைப்பதில்லை. பின்னது, அடிபட்ட செல் தன்னைச் சரிசெய்துகொள்ள உதவும் ஹெர்2 சமிக்ஞையை அடைத்துவிடுகிறது. அடுத்தடுத்து இரண்டும் வந்தால் கண்காணிப்பு தளரவே கூடாது.

ஃபைலைப் புரட்டினேன். கீமோவுக்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேனில், இதயம் ரத்தம் தள்ளும் அளவு 62. சிவப்பு மருந்து முடிந்ததும் 57. அதன் பிறகு ஆறு மாதம் எக்கோவே இல்லை. “அதான் இங்கேயே இ.சி.ஜி. எடுத்தோமே டாக்டர், நார்மல்னு சொன்னாங்க” என்றார் மகன்.

இந்த வருடம் இதே பதிலை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். இ.சி.ஜி. பார்ப்பது இதயத்தின் மின்சாரத்தை. மோட்டாருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது போல. கரண்ட் சரியாக வந்தும் மோட்டார் தண்ணீரைக் குறைவாகத் தள்ளலாம் இல்லையா? எவ்வளவு தள்ளுகிறது என்று காட்டுவது எக்கோதான். 60 என்றால், இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது. (பரீட்சை மார்க் இல்லை, நூறு யாருக்கும் வராது.) அது பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கி 50க்குக் கீழே போனால் எங்களுக்கு அபாய மணி.

அவருக்கு அன்று 41. கோவையில் புற்றுநோய் மருத்துவரிடம் பேசி டிராஸ்டுசுமாப்பை நிறுத்திவைத்தோம். இதயத்துக்கு எனாலாபிரில், கார்வெடிலால், நீர் போக ஒரு மாத்திரை. ஆறு வாரம் கழித்து மறுபடி எக்கோ. டிராஸ்டுசுமாப்பால் வரும் இதயத் தளர்ச்சி, அதை நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். 50ஐத் தாண்டினால் ஊசியைத் தொடரலாமா என்று சேர்ந்து முடிவெடுப்போம். மூன்று மாதத்திலேயே வந்திருந்தால் ஒருவேளை நிறுத்தவே வேண்டியிருந்திருக்காது.

டிராஸ்டுசுமாப் போடும் வருடம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ, உடம்பு நன்றாக இருந்தாலும். இறக்கம் வெளியே தெரியாமலே தொடங்கும். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள். இடம் மாறினாலே நம்பர் சில புள்ளிகள் ஆடும். ஊசிக்காகக் கோவைக்கு இறங்கும் அதே நாளில் எக்கோவையும் கேட்டு வாங்குங்கள், தனியாக ஒரு பஸ் செலவு வேண்டாம். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டதா? அடுத்த ஊசி வரை காத்திருக்காதீர்கள், அன்றே போன் செய்யுங்கள். நீங்களாக ஊசியையும் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.