'சிந்தெடிக்' டப்பாவுக்குள் என்ன எண்ணெய்?

இன்ஜின் ஆயில் டப்பாவில் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது அடிப்படை எண்ணெய், மீதி அதன் குணத்தைக் கூட்டச் சேர்க்கும் அடிட்டிவ். அடிப்படை எண்ணெயை ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறது.

குரூப் 1 என்பது நாம் 'மினரல்' என்று வாங்கும் எண்ணெயின் பழைய வகை. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, கரைப்பானால் கழுவி, வேண்டாத மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கிறார்கள். எவ்வளவு கழுவினாலும் வளைய வடிவ மூலக்கூறுகள் கொஞ்சம் மிஞ்சும். சூட்டில் ஆக்சிஜன் எளிதாகத் தாக்குவது அவற்றைத்தான். எண்ணெய் கெட்டியாகி, கசடு படிவது அங்கிருந்து தொடங்குகிறது.

ஹைட்ரோகிராக்கிங் அவற்றைப் பிரிப்பதில்லை, மாற்றிவிடுகிறது. அதிக அழுத்தத்தில், வினையூக்கியின் மேல், ஹைட்ரஜனோடு சேர்த்துச் சூடாக்கினால் வளையங்கள் திறந்துகொள்ளும், கந்தகமும் வெளியேறும். இப்படிக் கிடைப்பது குரூப் 2. இன்னும் கடுமையாகச் செய்து, பாகுநிலைக் குறியீடு 120-ஐத் தொட்டால் குரூப் 3. சூடு ஏறினாலும் அது அவ்வளவாக நீர்த்துப்போகாது என்பதே அந்த எண்ணின் பொருள்.

குரூப் 4, பாலிஆல்ஃபாஓலிஃபின். இதைக் கச்சா எண்ணெயிலிருந்து வடிப்பதில்லை. எத்திலீன் வாயுவிலிருந்து டெசீன் செய்து, மூன்று நான்கு டெசீனை ஒன்றாகக் கோத்து, ஹைட்ரஜன் ஏற்றுகிறார்கள். மெழுகு துளியும் இல்லாததால் கடுங்குளிரிலும் ஓடும். விலை அதிகம், குரூப் 5-இல் உள்ள எஸ்டரும் கொஞ்சம் சேர்க்கவேண்டும், இல்லையென்றால் ரப்பர் சீல்கள் சுருங்கும்.

அப்படியானால் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்றால் குரூப் 4-தானா? இல்லை. குரூப் 3 எண்ணெயை சிந்தெடிக் என்று விற்கிறார்கள் என காஸ்ட்ரால் மேல் மொபில் புகார் கொடுத்தது. 1999-இல் அமெரிக்க விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து அந்தச் சொல் மூலப்பொருளைப் பற்றி நமக்கு உறுதியாக எதையும் சொல்வதில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத் தாளில் `68037-01-4` என்ற வேதிப்பொருள் அடையாள எண் இருந்தால் உள்ளே பாலிஆல்ஃபாஓலிஃபின் இருக்கிறது. `64742-54-7` என்பது ஹைட்ரஜன் ஏற்றிய பெட்ரோலிய எண்ணெய். எல்லாப் பொருளையும் தாளில் போடவேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், எண்ணைக் காணோம் என்று எதையும் முடிவுகட்ட முடியாது.

இனி சென்னையில் ஓடும் ஒரு பைக்கை எடுத்துக்கொள்வோம். அலுவலகம் 3 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 நாள் போய்வந்தால் 1,800 கிலோமீட்டர். இங்கே குரூப் 4-இன் பெரிய பலமான குளிர்த்தாங்கும் குணத்துக்கு வேலையே இல்லை. இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் எண்ணெயில் தங்குகின்றன. அமிலத்தை அடக்கும் அடிட்டிவ் தீர்ந்துகொண்டே வரும், கியரின் பற்கள் எண்ணெயைத் தடிமனாக்கும் பாலிமரை நறுக்கும். அடிப்படை எண்ணெய் எவ்வளவு உறுதியானாலும் இவை நிற்காது. ஆகவே விலை கூடிய எண்ணெய் ஊற்றியிருக்கிறேன் என்று மாற்றும் காலத்தை இரட்டிப்பாக்கவே கூடாது. கையேட்டில் கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கணக்கு. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகச் சூட்டில் ஓடும் வண்டி என்றால் குரூப் 3-க்கும் 4-க்கும் கொடுக்கும் காசு வீணாகாது. இந்த பைக்குக்கு, கையேடு சொல்லும் கிரேடில் உள்ள சாதாரண எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் போதும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் நுரை மாதிரி வெளுத்துப் படிந்திருந்தாலோ, அந்த நேரத்துக்குக்கூடக் காத்திருக்கவேண்டாம்.